கொப்புளம் வருமா, வராதா: லொஜிஸ்டிக் மாதிரியுரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு சிறிய புள்ளிவிபரவியல் வகுப்பை நடத்துகிறேன். தோட்ட அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், வெளிக்கள உத்தியோகத்தர்கள், உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எனப் பலர் வருகிறார்கள். லொஜிஸ்டிக் ரிகிரஷன் வரும் வாரங்களில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாடசாலைப் புத்தகங்களில் ரிகிரஷனைப் பிற்செலவு என்று படித்திருப்பீர்கள். லொஜிஸ்டிக் பிற்செலவு என்றாலும் இதுவேதான்.

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: தேயிலையின் கொப்புள நோய். 1946இல் இலங்கைக்கு வந்த இந்தப் பூஞ்சை நோய் தளிர் இலையைத்தான் தாக்கும். நாம் பறிப்பதும் அதே தளிரைத்தான். ஈரமும் பனிமூட்டமும் அதற்கு உணவு, வெயில் அதற்குப் பகை. கீழே வரும் எண்கள் வகுப்புப் பயிற்சிக்காக நான் அமைத்தவை. அவற்றை எந்தத் தோட்டத்தின் அளவீடாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவற்றை வைத்து மருந்தடிக்கவும் வேண்டாம்.

மலையில் கொப்புளம் வரும், அல்லது வராது. இரண்டில் ஒன்றுதான். இதில் நிகழ்தகவு எங்கிருந்து வருகிறது?

ஒரு மலையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கடந்த 7 நாட்களின் சராசரி வெயில் ஒரு நாளைக்கு 2 மணித்தியாலமாக இருந்த மலைகளையெல்லாம் பதிவேட்டில் தேடி எடுங்கள். அப்படி 100 வரிகள் கிடைத்தால், அவற்றில் சுமார் 70இல் நோய் வந்திருக்கும், 30இல் வந்திருக்காது. வெயில் ஒன்றே விதியைத் தீர்மானிப்பதில்லை. காற்று, மூடுபனி, பக்கத்து மலையிலிருந்து வரும் வித்துகள் என்று நாம் அளக்காதவை நிறைய உண்டு. ஆகவே வெயிலை மட்டும் அறிந்த ஒருவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது 'வரும்' என்பதன்று, '0.7' என்பதுதான். லொஜிஸ்டிக் மாதிரியுரு தருவது அந்த எண்ணை.

தரவின் ஒரு வரி எது என்பதை இப்போதே தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு மலை, ஒரு வாரம் சேர்ந்தது ஒரு வரி. x என்பது முந்தைய 7 நாட்களின் சராசரி வெயில். வெயில் பதியும் கருவியின் கண்ணாடிக் கோளம் அட்டையில் சுட்ட தழும்பின் நீளத்தை அளந்து அதைப் பெறுகிறோம். y என்பது 3 வாரம் கழித்துப் பறித்த 100 கொழுந்துகளில் 10க்கு மேல் கொப்புளம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வித்து இலையில் விழுந்து கொப்புளமாக முதிர ஏறத்தாழ 2 முதல் 4 வாரங்கள் ஆகும் என்பதால்தான் அந்த இடைவெளி. அன்றைய வெயிலையும் அன்றைய கொப்புளத்தையும் ஒரே வரியில் எழுதினால், எவ்வளவு நல்ல கணக்கும் அந்தத் தரவைக் காப்பாற்றாது.

நேர்கோடு ஒன்றைப் போட்டால் போதாதா? எக்செல் அதைத்தானே ஒரு நொடியில் செய்கிறது?

போடலாம். வெயில் 0 மணியில் 0.98இல் தொடங்கி மணிக்கு 0.16 வீதம் இறங்கும் கோடு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 3 மணியில் அது 0.50 என்கிறது, நன்று. 7 மணியில் கழித்தல் 0.14 என்கிறது. 100 மலைகளில் கழித்தல் 14 மலைகளுக்கு நோய் வரும் என்பதற்குப் பொருளே இல்லை.

எல்லையைத் தாண்டுவது வெளியே தெரியும் குறை. உள்ளே இன்னொன்று இருக்கிறது. நோய் ஏறத்தாழ உறுதி என்ற நிலையில் அரை மணி வெயில் கூடினால் பெரிதாக எதுவும் மாறாது. நன்றாகக் காய்ந்து கிடக்கும் மலையிலும் அப்படித்தான். இழுபறியாக இருக்கும் நடு நிலையில்தான் அந்த அரை மணி உண்மையில் ஏதாவது செய்யும். ஓரங்களில் படுத்தும் நடுவில் சரிந்தும் போகும் வளைவு நமக்குத் தேவை. நேர்கோட்டின் படித்திறனோ எல்லா இடத்திலும் ஒன்று.

சிக்மொயிட் சூத்திரம் எங்கிருந்து வந்தது, சேர்? S போல வளைய வேண்டும் என்றால் வேறு வளைவுகளும் இருக்கின்றனவே?

மேலிருந்து இறங்கி வந்த சூத்திரம் அன்று. மூன்று படியில் நாமே அதை அடையலாம். நிகழ்தகவு p, 0க்கும் 1க்கும் இடையில் அடைபட்டிருக்கிறது. முதலில் நடப்பதை நடக்காததால் வகுக்கிறோம்: p / (1 − p). இதற்குப் பெயர் ஒட்ஸ். 0.8 என்றால் ஒட்ஸ் 4, அதாவது நாலுக்கு ஒன்று. இந்த எண் 0 முதல் முடிவிலி வரை போகும், மேல் எல்லை உடைந்துவிட்டது. அடுத்து அதன் இயற்கை மடக்கையை எடுக்கிறோம். ஒட்ஸ் 1க்குக் கீழே இருந்தால் மடக்கை கழித்தலாகும், எனவே கீழ் எல்லையும் உடைந்துவிட்டது. இப்போது அச்சமில்லாமல் அதை ஒரு நேர்கோட்டுக்குச் சமப்படுத்தலாம். அந்தக் கோட்டை z என்போம். z இலிருந்து p க்குத் திரும்பி வரும் வழிதான் சிக்மொயிட்:

```
z = 2.4 - 0.8 * x
p = 1 / (1 + e^(-z))
```

வெயில் 1 மணி என்றால் z = 1.6, p = 0.83. 3 மணியில் z = 0, p = 0.50. 5 மணியில் p = 0.17. 7 மணியில் 0.04. கோடு எவ்வளவு தூரம் போனாலும் p வேலிக்குள்ளேயே நிற்கிறது.

வேறு வளைவுகள் உண்டு என்பது உண்மை. செவ்வன் பரம்பலின் திரள் வளைவை எடுத்தால் ப்ரொபிட் மாதிரியுரு கிடைக்கும், விடைகள் பெரும்பாலும் இதனோடு ஒட்டியே வரும். இந்த வளைவு வேரூன்றியதற்குக் காரணம் குணகத்தை ஒட்ஸ் வழியாக நேராக வாசிக்க முடிவதுதான். வளைவு பழையது. மக்கள்தொகை வளர்ச்சியை விளக்க வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பயன்படுத்தி, லொஜிஸ்டிக் என்று பெயரும் வைத்தார். மடக்கை ஒட்ஸுக்கு லொஜிட் என்ற பெயரை 1944இல் வைத்தவர் பெர்க்சன்.

அப்படியானால் 0.5ஐத் தாண்டினால் 'வரும்', தாண்டாவிட்டால் 'வராது' என்று சொல்லிவிடலாமா?

மாதிரியுரு அப்படிச் சொல்லவில்லை, நாம்தான் சொல்கிறோம். 0.5 என்ற வெட்டுக்கோட்டை அதன் தலையில் கட்டுவதுதான் வகுப்பில் நான் அதிகம் காணும் பிழை. நிகழ்தகவைச் சொல்வது ஒரு வேலை. அதை வைத்து மருந்தடிப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வேறு வேலை. இரண்டாவதற்குப் பணக்கணக்கு வேண்டும்.

ஒரு மலைக்குச் செப்பு மருந்து அடிக்க ஆகும் செலவை 1 என்று வையுங்கள். அடிக்காமல் விட்டு நோய் வந்தால் இழக்கும் கொழுந்தின் பெறுமதி அதைப் போல 4 மடங்கு என்றும், அடித்தால் நோய் வராது என்றும் எளிமைக்காகக் கொள்வோம். அடிக்காவிட்டால் எதிர்பார்க்கும் இழப்பு 4 × p. அது 1ஐத் தாண்டும் இடம் p = 0.25. நமது மாதிரியுருவில் அது வெயில் சுமார் 4.4 மணியாக இருக்கும்போது வருகிறது. 0.5ஐப் பிடித்துக்கொண்டு 3 மணிக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருப்பவர், அதற்கு இடைப்பட்ட வாரங்களிலெல்லாம் நட்டத்தை வாங்கிக்கொள்கிறார். நாளை மருந்து விலை ஏறினால் வெட்டுக்கோடு மட்டும் நகரும். மாதிரியுருவில் ஒரு எழுத்தும் மாறாது.

மடக்கை இழப்பு எதற்கு? எத்தனை சரி, எத்தனை பிழை என்று எண்ணினால் யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடுமே?

எண்ணிப் பார்ப்போம். நான்கு மலைகள், முதல் இரண்டில் நோய் வந்தது, அடுத்த இரண்டில் வரவில்லை. முதல் மாணவி சொன்ன நிகழ்தகவுகள் 0.8, 0.7, 0.3, 0.6. இரண்டாம் மாணவர் சொன்னவை 0.99, 0.99, 0.01, 0.99. 0.5இல் வெட்டினால் இருவருக்கும் நான்கில் மூன்று சரி, இருவரும் தவறியது நான்காவது மலையில். எண்ணிக்கை இருவரையும் சமமாக நிறுத்திவிட்டது.

மடக்கை இழப்பு, அதாவது லொக் லொஸ், உண்மையில் நடந்ததற்கு நீங்கள் கொடுத்திருந்த நிகழ்தகவைப் பார்க்கிறது. அதன் இயற்கை மடக்கையை எடுத்து, குறியை மாற்றுகிறது. நான்காவது மலையில் நோய் வராமல் போவதற்கு மாணவி 0.4 கொடுத்திருந்தார், எனவே இழப்பு 0.92. மாணவர் 0.01தான் கொடுத்திருந்தார், இழப்பு 4.61. நான்கின் சராசரி மாணவிக்கு 0.46, மாணவருக்கு 1.16. எதுவுமே தெரியாமல் எல்லா மலைக்கும் 0.5 என்று சொல்லும் ஒருவருக்கு 0.69 கிடைக்கும். அதாவது மூன்றைச் சரியாகச் சொன்ன அந்த மாணவர், ஒன்றுமே தெரியாதவரைவிடப் பின்னால் நிற்கிறார். 100 மலையில் ஒன்றில்தான் தவறும் என்று உறுதியளித்தவர் நான்கிலேயே ஒன்றில் தவறினார். அந்த உறுதியை நம்பி மருந்துக்கு ஓடர் கொடுத்த தோட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால், இந்தத் தண்டனை நியாயமானது.

தண்டிக்க வேண்டும் என்றால் வித்தியாசத்தின் வர்க்கத்தை எடுக்கலாமே. மடக்கை ஏன்?

முதற் காரணம், மடக்கையை நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, நிகழ்தகவிலிருந்து அது தானாக வருகிறது. நான்கு மலைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், நடந்தது அப்படியே நடப்பதற்கு மாணவி கொடுத்திருந்த நிகழ்தகவு 0.8 × 0.7 × 0.7 × 0.4 = 0.157. மாணவருக்கு அது 0.0097. தரவு இப்படி நடந்திருப்பதற்கு அதிக நிகழ்தகவைத் தரும் மாதிரியுருவே நல்லது என்பதுதான் அடிப்படைத் தத்துவம். ஆயிரம் வரி என்றால் பெருக்கம் கணினிக்கும் எட்டாத சிறிய எண்ணாகிவிடும். மடக்கை எடுத்தால் பெருக்கம் கூட்டலாகிறது, குறியை மாற்றினால் அதுவே முந்தைய பதிலில் பார்த்த இழப்பு.

இரண்டாவது காரணம் தேடலோடு தொடர்புடையது. குணகங்களை மாற்றிக்கொண்டே போகும்போது மடக்கை இழப்பின் நிலப்பரப்பு ஒரே ஒரு பள்ளத்தாக்காக இருக்கிறது, எங்கிருந்து இறங்கினாலும் அடியை அடையலாம். சிக்மொயிட்டுக்கு மேல் வர்க்கத்தைப் போட்டால் இடையில் சமதரைகள் தோன்றும். 0.99 என்று சொல்லித் தவறிய இடத்தில் வளைவு தட்டையாக இருப்பதால், திருத்த வேண்டிய இடத்திலேயே திருத்தும் விசை அற்றுப்போகும். மடக்கை இழப்பை z ஐ வைத்து வகையிட்டால் p − y என்று மட்டுமே மிஞ்சுகிறது. சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே திருத்தும் விசை. உயர்தரத்தில் வகையீடு படித்தவர்கள் ஒரு முறையாவது இதைக் கையால் செய்து பாருங்கள், நான்கு வரிதான்.

வர்க்க இழப்பும் நேர்மையான அளவுகோல்தான், ஒரு முன்னறிவிப்பை மதிப்பிட அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உண்மை 0.3 என்றால் இரண்டுமே 0.3 என்று சொல்பவருக்குத்தான் மிகக் குறைந்த இழப்பைத் தரும்.

வெயிலின் குணகம் −0.8. அப்படியென்றால் ஒரு மணி வெயில் கூடினால் நோய் 80 வீதம் குறைகிறது, சரிதானே?

சரியன்று. குணகம் மடக்கை ஒட்ஸில் பேசுகிறது. அதை ஒட்ஸுக்குக் கொண்டுவர e இன் அடுக்காக எடுக்க வேண்டும். e^(−0.8) = 0.449. ஒரு மணி வெயில் கூடும்போதெல்லாம் ஒட்ஸ் 0.449 ஆல் பெருக்கப்படுகிறது, அதாவது பாதிக்கும் சற்றுக் கீழே போகிறது. எந்த மணியில் நின்று பார்த்தாலும் இந்தப் பெருக்கம் மாறாது.

நிகழ்தகவோ நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும். 3 மணியிலிருந்து 4க்குப் போனால் 0.50 என்பது 0.31 ஆகிறது, 100 மலையில் 19 மலை தப்புகிறது. 6இலிருந்து 7க்குப் போனால் 0.083 என்பது 0.039 ஆகிறது, 100இல் 4 மலைதான். அதே குணகம், அதே ஒரு மணி வெயில். நேர்கோட்டால் இதைச் சொல்ல முடியாது என்றுதான் இரண்டாம் கேள்வியில் பார்த்தோம்.

மனத்தில் வைக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. குணகத்தை 4ஆல் வகுங்கள். நிகழ்தகவு மிகச் செங்குத்தாக இருக்கும் 0.5க்கு அருகில் ஓர் அலகுக்கு ஏற்படக்கூடிய மாற்றத்தின் மேல் எல்லை அது. 0.8 / 4 = 0.2, நாம் கண்டது 0.19.

ஒட்ஸ் 55 வீதம் குறைகிறது என்றால், 'நோய் வரும் வாய்ப்பு 55 வீதம் குறைகிறது' என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுத வேண்டாம். துரையோ, கூட்டத்தில் இருக்கும் வேறு யாரோ 'வாய்ப்பு' என்பதை நிகழ்தகவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 3 மணியிலிருந்து 4க்குப் போகும்போது நிகழ்தகவு 0.50இலிருந்து 0.31 ஆவது 38 வீதக் குறைவுதான். 6இலிருந்து 7க்குப் போகும்போது குறைவு ஏறத்தாழ 53 வீதம். அங்கே அது 55ஐ நெருங்குவதற்குக் காரணம், நிகழ்வு அரிதாகும்போது 1 − p ஏறத்தாழ 1 ஆகி, ஒட்ஸும் நிகழ்தகவும் ஒன்றுபோல ஆகிவிடுவதுதான். நோய் சாதாரணமாக வரும் மலைகளில் அந்தச் சமன்பாடு உடைந்துவிடும்.

அறிக்கையில் நான் எழுதச் சொல்வது இப்படி: '3 மணி வெயில் உள்ள வாரங்களில் 100க்கு 50 மலையில் நோய் எதிர்பார்க்கலாம், 4 மணியில் 100க்கு 31.' கங்காணி முதல் துரை வரை எல்லோருக்கும் இது ஒரே பொருளைத் தரும்.

வெட்டுத்துண்டு 2.4 என்ன சொல்கிறது?

வெயில் 0 மணியாக இருக்கும்போது z இன் பெறுமானம் அது, நிகழ்தகவில் 0.92. ஏழு நாளும் சூரியனே தெரியாத வாரம் உங்கள் பதிவேட்டில் இல்லையென்றால் அந்த எண்ணுக்குத் தனிப்பொருள் தேட வேண்டாம். x க்குப் பதில் (x − 3) என்று போட்டால் வெட்டுத்துண்டு 0 ஆகிவிடும், 3 மணியில் 0.5 என்று பயனுள்ளதாக வாசிக்கலாம். வெயிலின் குணகம் அதனால் மாறாது. ஆனால் வெயிலை நிமிடத்தில் அளந்தால் −0.8 என்பது −0.0133 ஆகும். ஆகவே வெவ்வேறு அலகில் உள்ள மாறிகளின் குணகங்களை அருகருகே வைத்து 'பெரியது எது' என்று பார்ப்பதில் பொருளில்லை.

கவ்வாத்து வெட்டிய மலையா என்ற மாறியைச் சேர்த்தேன். வெயிலின் குணகம் −0.8இலிருந்து −0.95 ஆகிவிட்டது. எது சரியானது?

இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். கவ்வாத்துக்குப் பின் துளிர்த்து வரும் மலையில் எங்கும் தளிராக இருப்பதால் நோய் எளிதில் பிடிக்கும். அப்படிப்பட்ட மலைக்கு k = 1 என்று கொள்வோம். பயிற்சித் தரவில் எல்லா வெயில் நிலையிலும் பாதி மலைகள் அப்படிப்பட்டவை, ஆகவே வெயிலுக்கும் கவ்வாத்துக்கும் தொடர்பில்லை. இருந்தும் குணகம் மாறியது. நேர்கோட்டு ரிகிரஷன் பழகியவர்களை இதுதான் திகைக்க வைக்கிறது.

```
z = 2.1 - 0.95 * x + 1.6 * k
```

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 மணியில் முதிர்ந்த மலைக்கு 0.32, கவ்வாத்து மலைக்கு 0.70. இரண்டின் சராசரி 0.51. 4 மணியில் அவை 0.15, 0.48, சராசரி 0.31. இந்தச் சராசரிகளை மடக்கை ஒட்ஸாக மாற்றிக் கழித்தால் −0.95 வருவதில்லை, சுமார் −0.82 வருகிறது. இரண்டு செங்குத்தான வளைவுகள் தள்ளித் தள்ளி நிற்கும்போது அவற்றின் சராசரி வளைவு சற்றுப் படுத்துவிடும். கவ்வாத்தை அறியாத மாதிரியுரு கண்டது அந்தப் படுத்த வளைவைத்தான்.

ஆகவே −0.95 என்பது ஒரே வகை மலைகளுக்குள் வெயில் செய்யும் வேலை. −0.8 என்பது எல்லா மலைகளையும் கலந்து பார்த்த கதை. குறிப்பிட்ட மலைக்கு முன்னறிவிக்க வேண்டுமென்றால் முதலாவதை எடுங்கள். வெவ்வேறு மாறிகளைக் கொண்ட இரண்டு மாதிரியுருக்களின் குணகங்களை ஒப்பிட்டு 'வெயிலின் செல்வாக்கு கூடிவிட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள்.

மருந்தடித்ததையும் ஒரு மாறியாகச் சேர்த்தேன், சேர். குணகம் கூட்டல் 0.6 என்று வந்திருக்கிறது. மருந்தடித்தால் நோய் கூடுமா?

பொகவந்தலாவையிலிருந்து வரும் ஒரு தம்பி இதைக் கேட்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மருந்து எப்போது அடிக்கப்படுகிறது என்று யோசியுங்கள். மூட்டம் இறங்கி, இலை காயாமல் கிடந்து, பக்கத்து மலையில் நோய் கண்ட பிறகுதான் அடிக்கிறார்கள். அதாவது ஏற்கெனவே ஆபத்து கூடிய மலைகளில். வெயில் மாறி அந்த ஆபத்தில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. மீதி ஆபத்து மருந்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் நோயாளிகள் அதிகம் என்பதால் ஆஸ்பத்திரி நோயைத் தருகிறது என்று சொல்ல மாட்டோம். இதுவும் அப்படித்தான்.

இதே காரணத்தால் வெயிலின் குணகமும் கெடும். மருந்தடிப்பைக் குறிக்காத பதிவேட்டில், வெயில் குறைந்த வாரங்களில் மருந்து விழுந்து நோய் அடங்கியிருக்கும். அப்போது வெயில் குறைந்தால் நோய் வருவதில்லை என்பதுபோல் குணகம் சுருங்கித் தோன்றும், சில நேரம் குறியே மாறிவிடும். மாதிரியுரு கற்றது பூஞ்சையின் இயல்பையன்று, மருந்தடிக்கும் வழக்கத்தை. பூஞ்சையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மருந்தடிக்காத சோதனைப் பாத்திகளின் தரவு வேண்டும்.

ஆர் மொழியில் ஒரு விடை, பைத்தனில் வேறொரு விடை. ஆரில் −37 என்றுகூட வந்தது. எதை நம்புவது?

இரண்டு வேறு விடயங்கள் கலந்திருக்கின்றன. −37 உள்ள தரவில் 12 வரிதான் இருந்தது. 3 மணிக்குக் கீழே எல்லாம் 1, மேலே எல்லாம் 0. அப்படிச் சுத்தமாகப் பிரிந்துவிட்டால் வளைவைச் செங்குத்தாக்க ஆக்க இழப்பு குறைந்துகொண்டே போகும், பள்ளத்தாக்குக்கு அடியே இல்லை. கணினி களைத்து நின்ற இடம்தான் −37. நியம வழு பல ஆயிரமாக இருப்பதும், திரையில் இந்த எச்சரிக்கை வருவதும் அதன் அடையாளம்:

```
glm.fit: fitted probabilities numerically 0 or 1 occurred
```

இயற்கையில் அப்படி ஒரு கத்திமுனை இல்லை, வரிகள் போதாது என்பதே பொருள்.

பைத்தனின் scikit-learn தொகுப்பிலுள்ள `LogisticRegression` கேட்காமலேயே குணகங்களை 0 நோக்கி இழுத்துச் சுருக்குகிறது. முன்னறிவிப்புக்கு அது பல நேரம் நல்லது. ஆனால் சுருக்கிய குணகத்தை ஒட்ஸாக வாசித்தால் வெயிலின் வேலை குறைவாகத் தெரியும். சுருக்கத்தை ஏறத்தாழ நிறுத்த இப்படி எழுதுங்கள், ஆரின் விடையோடு பொருந்தும்:

```
LogisticRegression(C=1e10)
```

ஹட்டனில் பழக்கிய மாதிரியுரு பதுளையில் சரியாக வருமா?

அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அதே காலத்தில் ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும். அங்கே ஈரம் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. 3 மணி வெயில் என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு இடத்திலும் வேறு வேறு ஈரம் இருக்கும்.

சரிவருகிறதா என்று சோதிக்க நிகழ்தகவு என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். பதுளைத் தரவில் மாதிரியுரு 0.2க்கும் 0.3க்கும் இடையில் சொன்ன வரிகளையெல்லாம் ஒன்றாக எடுங்கள். அவற்றில் ஏறத்தாழ நாலில் ஒன்றில் நோய் வந்திருக்க வேண்டும். 0.7க்கும் 0.8க்கும் இடையில் சொன்னவற்றில் நாலில் மூன்று. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது சில பத்து வரிகளாவது இல்லாவிட்டால் எண்ணிப் பயனில்லை. எல்லாக் குழுக்களிலும் ஒரே பக்கமாகப் பிசகினால், உதாரணமாக எங்கும் சொன்னதைவிடக் குறைவாக நோய் வந்தால், பெரும்பாலும் வெட்டுத்துண்டை மட்டும் புதிய தரவில் திருத்தினால் போதும். தாழ்ந்த குழுக்களில் சொன்னதைவிடக் கூடவும் உயர்ந்த குழுக்களில் சொன்னதைவிடக் குறைவாகவும் வந்தால், வெயிலின் குணகம் அந்த மண்ணுக்கு அளவுமீறிச் செங்குத்தாக இருக்கிறது. அப்போது பதுளைப் பதிவேட்டிலிருந்தே அதைப் புதிதாக மதிப்பிட வேண்டும், முடிந்தால் இலை ஈரமாக இருந்த மணித்தியாலங்களையும் ஒரு மாறியாகச் சேர்த்து.